அழிந்த புள்ளி: படத்திருத்தத்தில் மூலம் காக்கப்பட்ட வரலாறு

(நீண்ட பதிவு. சுவடி, கல்வெட்டு, பழைய அச்சு நூல் ஆகியவற்றின் படங்களை வைத்து ஆய்வு செய்யும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இடப்பட்ட இடங்களைத் தொகுத்த அட்டவணை ஒன்று உண்டு. பெரும்பாலான ஏடுகளில் புள்ளி இடப்படுவதில்லை என்பது நாம் அறிந்ததே. ஆகவே அது அரிதாக வரும் ஒவ்வோர் இடமும் எனக்குச் சான்று. அந்த அட்டவணையில் ஒரு வரியைச் சென்ற ஆண்டு நான் நீக்க நேர்ந்தது. அந்த இடத்தில் ஏட்டில் எகரமும் னகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. னகரத்தின் மேல் புள்ளி இருந்தால் அது 'என்' என்னும் உடைமைச் சொல். இல்லாவிட்டால் 'என' என்னும் இடைச்சொல்லாகவும் இருக்கலாம். தொடரின் பொருளே மாறிவிடும்.

களப்பணியின்போது என் குறிப்பேட்டில் 'புள்ளி உண்டு' என்று எழுதியிருந்தேன். பின்னர்ப் படத்தைத் திறந்து பார்த்தபோது புள்ளி இல்லை. இடையில் நடந்தது இதுதான்: ஒரு கருத்தரங்கில் காட்டுவதற்காக அப்படத்தைத் தூசு நீக்கி, மாறுபாட்டைக் கூட்டி, அதே பெயரில் சேமித்திருந்தேன். கேமரா அட்டையை அதற்குள் வேறு வேலைக்கு அழித்தாயிற்று. மீண்டும் ஏட்டைப் பார்க்கச் சென்றபோது அந்த ஓரம் உடைந்திருந்தது. நான் கண்டது எழுத்தாணியால் இட்ட புள்ளியா, பூச்சி அரித்த துளையா, வெறும் தூசா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

இந்தப் பிழைக்குப் பிறகுதான் படத்திருத்த மென்பொருளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். நான் செய்த தவறு தனிமனிதக் கவனக்குறைவு என்றே முதலில் எண்ணினேன். வாசித்தபோது, தொடக்கத்தில் அம்மென்பொருளுக்குத் தெரிந்த முறையே அதுவாக இருந்தது என்பதும், மூலத்தைக் காக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 15 ஆண்டுகளில் சேர்க்கப்பட்டன என்பதும் விளங்கின.

ஒற்றைத் தாள்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த தாமஸ் நோல் 1987இல் கறுப்பு-வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கு ஒரு நிரலை எழுதினார். திரைப்படச் சிறப்புக் காட்சிகளில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோல் அதன் பயனை உணர்ந்து உடன் சேர்ந்தார். அதுவே 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வழியே போட்டோஷாப் 1.0 ஆக வெளிவந்தது.

அந்த முதல் பதிப்பில் ஒரு படம் என்பது ஒரே தாள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்தத் தாளிலுள்ள பிக்சல்களின் எண்களை மாற்றி எழுதும். பழைய எண்கள் எங்கும் இரா. கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறலாம். அதற்கு முந்தையதைப் பெற இயலாது. இன்று நாம் 'அழிவுமுறைத் திருத்தம்' என்று குறிப்பது இதைத்தான்.

அழிவு என்பது எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத் தளமும் 0 முதல் 255 வரை 256 படிகளைக் கொண்டது. படத்தின் எல்லா எண்களையும் பாதியாக்கி இருட்டாக்குகிறோம் என்று கொள்வோம். இப்போது 0 முதல் 127 வரையான 128 படிகளே இருக்கும். 100, 101 என்று வேறுபட்டிருந்த இரண்டு சாயல்களும் 50 என்றே ஆகிவிடும். பிறகு எல்லாவற்றையும் இரட்டித்தால் படம் பழைய ஒளிக்குத் திரும்பியதுபோல் தோன்றும். ஆனால் இரட்டை எண்கள் மட்டுமே இருக்கும். 101 திரும்பி வராது. ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்தால் சீப்பின் பற்களைப் போல இடைவெளி விட்டு நிற்கும். ஒருவர் அனுப்பிய படத்தில் இந்தச் சீப்பு தெரிந்தால், அது முன்பே திருத்தப்பட்டது என்று ஐயுறலாம். அதை ஜேபெக் ஆகச் சேமித்திருந்தால் 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் நுண்விவரம் போயிருக்கும்.

கண்ணாடித் தாள்கள்

அடுக்கு என்னும் எண்ணம் போட்டோஷாப்பின் சொந்தப் படைப்பன்று. கையால் வரைந்த உயிர்ப்பூட்டுப் படங்களில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் பின்னணியை மீண்டும் வரையும் உழைப்பைத் தவிர்க்க, அமெரிக்கரான ஏர்ல் ஹர்டு ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்களைப் பயன்படுத்தும் முறைக்கு 1914இல் காப்புரிமை கோரினார். பின்னணி அடியில் அப்படியே இருக்கும். அசையும் உருவம் மட்டும் மேல் தாளில் மாறும். 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு ஒளிபுகுமையையும் ஓர் எண்ணாகச் சேர்த்து வைத்தனர். அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டனர். அத்தகைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளையும் நிறத்தைக் கணிக்கும் விதிகளைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் வரையறுத்தனர்.

1994இல் வந்த போட்டோஷாப் 3.0 இந்த அடுக்குகளைப் பொதுப் பயனரின் கைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு பகுதியை வெட்டி வேறோர் இடத்தில் வைத்தால், தேர்வை விட்ட கணமே அது அடித்தாளோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது அது தன் தாளிலேயே தங்கியது.

1996இல் 4.0 பதிப்பில் வந்த அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இந்த அடுக்கில் படம் எதுவும் இல்லை. ஒரு கட்டளை மட்டுமே இருக்கிறது. 'கீழே உள்ளவற்றின் எண்களை இந்த வளைவின்படி மாற்றிக் காட்டு' என்பது அக்கட்டளை. அடித்தாளின் எண்கள் மாறுவதில்லை. திரையில் காட்டும்போது மட்டும் கணக்கிடப்படுகிறது. அடுக்கின் பக்கத்திலுள்ள கண் குறியை அணைத்தால் முந்தைய தோற்றம் திரும்புகிறது.

மொழியியல், பதிப்பியல் மாணவர்களுக்கு இது புதிய எண்ணமாகத் தோன்றாது. மூலச்சுவடியின் பாடத்தைத் தன் விருப்பப்படி திருத்திவிட்டு, திருத்தியதைச் சொல்லாமல் அச்சிடும் பதிப்பாசிரியர் ஒருவர். சுவடியில் உள்ளதையும் தாம் கொண்ட பாடத்தையும் பிற பிரதிகளின் பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் தருபவர் மற்றொருவர். அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் இரண்டாமவர் வழியைச் சேர்ந்தது.

நினைவில் நின்றதும் கோப்பில் நின்றதும்

1998இல் வந்த 5.0 பதிப்பு 'ஹிஸ்டரி' பலகையைத் தந்தது. செய்த செயல்கள் வரிசையாகப் பட்டியலிடப்படும். எந்த நிலைக்கும் திரும்பலாம். விரும்பிய நிலையை 'ஸ்னாப்ஷாட்' ஆக எடுத்துவைத்து ஒப்பிடலாம். இன்றுவரை மாணவர்கள் இதையே பாதுகாப்பு என்று நம்புவதைக் காண்கிறேன். நானும் நம்பினேன். இந்த நிலைகள் கணினியின் தற்காலிக நினைவில் இருப்பவை. இன்றைய பதிப்புகளில் இயல்பாக 50 நிலைகளே இருக்கும். 51ஆம் செயல் முதலாவதைத் தள்ளிவிடும். கோப்பை மூடினால் நிலைகளும் ஸ்னாப்ஷாட்களும் ஒருசேர மறையும். தூசு நீக்கிய அன்று மாலைவரை என் புள்ளி ஹிஸ்டரியில் இருந்திருக்கும். மடிக்கணினியை அணைத்தபோது போய்விட்டது.

கோப்பிலேயே தங்கும் வேறு வழிகள் 2003 முதல் வந்தன. அவ்வாண்டு வெளியான கேமரா ரா என்னும் நீட்சியை எழுதியவரும் தாமஸ் நோல்தான். கேமராவின் உணரி பதிவுசெய்த மூல எண்களை அது தொடுவதே இல்லை. ஒளி, நிறம், மாறுபாடு பற்றிய முடிவுகளை மட்டும் தனியே எழுதிவைத்து, திறக்கும்போதெல்லாம் மூலத்திலிருந்து புதிதாகக் கணக்கிடுகிறது. ஒற்றைத் தாள் மென்பொருளை எழுதிய அதே கை, 13 ஆண்டுகளுக்குப் பின் தாளைத் தொடாத முறையையும் எழுதியது.

2005இல் CS2 பதிப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வந்தது. இதை உறையிட்ட மூலம் என்று புரிந்துகொள்ளலாம். படத்தின் முழு மூலமும் கோப்புக்குள் ஓர் உறையில் இருக்கும். நாம் பார்ப்பது அதிலிருந்து கணித்தெடுத்த தோற்றம். 6000 பிக்சல் அகலப் படத்தைச் சாதாரண அடுக்கில் 600 ஆகச் சுருக்கி மீண்டும் 6000 ஆக விரித்தால் மங்கலான படமே கிடைக்கும். உறையிட்டதாயின் விரிக்கும்போது கணக்கு மீண்டும் மூலத்திலிருந்தே தொடங்கும், ஒன்றும் குறையாது. 2007இல் CS3 பதிப்பு, வடிப்பான்களையும் இந்த உறையின்மேல் கட்டளைகளாக நிறுத்த வழிசெய்தது. அவற்றுக்கு ஸ்மார்ட் ஃபில்டர் என்று பெயர். தூசு நீக்கும் வடிப்பானின் அளவை ஓராண்டு கழித்தும் மாற்றலாம், அணைக்கலாம், வேண்டாத இடத்தில் மாஸ்க் தீட்டி மறைக்கலாம்.

புள்ளி எவ்வாறு அழிந்தது

நான் பயன்படுத்தியது `Dust & Scratches` என்னும் வடிப்பான். அது ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, அச்சுற்றத்திலுள்ள எண்களை ஏறுவரிசைப்படுத்தி, நடுவிலுள்ள எண்ணை அப்பிக்சலுக்கு இடும். சுற்றத்தில் பாதிக்கு மேல் ஏட்டின் பழுப்பு நிறமாயின், நடுவிலுள்ள கருமை பழுப்பாகிவிடும்.

என் படத்தில் 40 செ.மீ. ஏடு 6000 பிக்சலில் அடங்கியிருந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 15 பிக்சல். எழுத்தாணியின் கீறல் ஏறத்தாழ 5 பிக்சல் அகலம். அதே ஆணியால் இட்ட புள்ளியும் 5 பிக்சல் விட்டம். நான் கொடுத்த ஆரம் 4 பிக்சல். கணக்கை எளிதாக்கச் சுற்றத்தை 9×9 சதுரமாகக் கொள்வோம். அதில் 81 பிக்சல். ஒரு நேர்க்கோடு அதன் நடுவே சென்றால் 9×5, அதாவது 45 பிக்சல் கருமை. பாதிக்கு மேல் இருப்பதால் கோடு தப்பிவிடும். புள்ளியோ ஏறத்தாழ 20 பிக்சல்தான். பாதிக்கும் மிகக் குறைவு. அது முழுதாக அழியும்.

ஆகவே எழுத்தின் உடல்கள் எல்லாம் தெளிவாக நின்றன. எழுத்துகளின் மேல் இருந்த சிறு குறிகள் மட்டும் அகன்றன. படம் முன்னிலும் அழகாகத் தோன்றியதால் எனக்கு ஐயம் எழவில்லை. இந்த வடிப்பானுக்குப் புள்ளியும் தூசும் ஒன்றே. அளவைத் தவிர வேறெதையும் அது அறியாது.

இப்போது நான் செய்யும் முறை

வேறொரு கட்டின் ஏட்டுப்படம் ஒன்றை வைத்து இதைச் சொல்கிறேன். 6000×4000 பிக்சல், கேமராவின் ரா கோப்பு.

முதலில் ரா கோப்பை மாற்ற இயலாததாகக் குறித்து, இரண்டு இடங்களில் வைத்து, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒரு உரைக்கோப்பில் எழுதிக்கொள்கிறேன். லினக்ஸில் ஒரு வரி போதும்:

```
sha256sum edu_014.NEF >> moolam.txt
```

பின்னாளில் அதே கட்டளையை இட்டு அதே எண் வந்தால், கோப்பில் ஒரு பிட்டும் மாறவில்லை என்று அறியலாம்.

அடுத்து ரா கோப்பை 16 பிட்டில், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆகத் திறக்கிறேன். இதுவே அடி அடுக்கு. இதற்கு 'மூலம்' என்று பெயரிடுகிறேன். இதன்மேல் எந்த வடிப்பானும் இடுவதில்லை. பிறகு அந்த அடுக்கைப் படியெடுத்து, படியின்மேல் மட்டும் தூசு நீக்கும் வடிப்பானை இடுகிறேன். அதற்குத் 'தூசு நீக்கியது' என்று பெயர்.

படியெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரணமாக `Ctrl+J` அழுத்திப் படியெடுத்தால் இரண்டு அடுக்குகளும் ஒரே உறையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றைத் திறந்து ராவின் ஒளியளவை மாற்றினால் மற்றதும் மாறும். `New Smart Object via Copy` என்பதைத் தேர்ந்தால் உறையும் தனியாகும். முதல் வகையைப் 'பழைய வடிவம்' என்று எண்ணி வைத்திருந்து, இரண்டும் சேர்ந்து மாறியபின் திகைத்தவர்களை அறிவேன். எனக்கு இங்கே வேண்டியது முதல் வகைதான். வடிப்பான் ஒன்றே வேறுபாடாக இருக்கவேண்டும். மற்ற யாவும் இரண்டிலும் ஒன்றாக நடக்கவேண்டும். ஒரே ஏட்டை இரண்டு விதமான ஒளியளவில் ஒப்பிட விரும்பினால்தான் இரண்டாம் வகை தேவைப்படும்.

இனிச் சோதனை. மேலிருக்கும் 'தூசு நீக்கியது' அடுக்கின் கலப்பு முறையை `Normal` என்பதிலிருந்து `Difference` என்று மாற்றுகிறேன். இரண்டு அடுக்குகளின் எண்களையும் கழித்து, எஞ்சுவதை மட்டும் திரை காட்டும். மாறாத இடமெல்லாம் முழுக் கறுப்பு. வேறுபாடு சிறிதாயின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மேலே ஒரு `Levels` அடுக்கை வைத்து வெள்ளைமுனையை 255இலிருந்து 30க்கு இழுக்கிறேன். அப்போது இரவு வானத்தில் விண்மீன்கள்போல ஒளிப்புள்ளிகள் தோன்றும். அவை ஒவ்வொன்றும் வடிப்பான் நீக்கிய ஒன்று.

பெரும்பாலானவை விளிம்பிலும் வரிகளுக்கு இடையிலும் இருந்தன; அவை தூசு. ஐந்து ஒளிப்புள்ளிகள் மட்டும் மெய்யெழுத்துகளின் உச்சிக்கு நேர் மேலே, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. அவற்றை 'மூலம்' அடுக்கில் 300 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றில் ஆணி அழுந்திய குழியும் அதனுள் கரியும் தெரிந்தன, அவை புள்ளிகள். ஒன்றின் வழியே ஏட்டின் அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணி தெரிந்தது, அது துளை. எஞ்சிய ஒன்றை என்னால் தீர்மானிக்க இயலவில்லை. அட்டவணையில் 'தெளிவில்லை' என்றே இட்டேன். பின்னர் வடிப்பானின் மாஸ்க்கில் எழுத்து வரிகளை எல்லாம் கறுப்பால் மறைத்துவிட்டேன். இப்போது அது விளிம்புகளில் மட்டுமே செயற்படுகிறது.

மாறுபாட்டைக் கூட்டும் `Curves`, கறுப்பு-வெள்ளையாக்கும் `Black & White` ஆகியவை இவற்றுக்கு மேலே தனித்தனி அடுக்குகளாக நிற்கின்றன. விளிம்பின் பெரிய துளைகளை அச்சுக்காக மூடவேண்டியிருந்தால், குளோன் செய்யும் வேலையை வெற்று அடுக்கு ஒன்றில் செய்கிறேன். தூரிகையால் தீட்டும் வேலையை ஸ்மார்ட் ஃபில்டர் ஆக்க இயலாது என்பதால் இதற்கு இவ்வழியே உண்டு.

முன்-பின் தோற்றங்களை ஒப்பிட `Layer Comps` பலகை பயன்படுகிறது. 2003இல் வந்த வசதி இது. எந்த அடுக்குகள் தெரிகின்றன, எங்கே நிற்கின்றன என்பதை ஒரு பெயரின் கீழ்ப் பதிந்து கோப்போடு சேமிக்கும். நான் மூன்றைப் பதிகிறேன்: 'மூலம்', 'வாசிப்பு', 'அச்சு'. ஒரு சொடுக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். இதிலும் ஒரு வரம்பு உண்டு. வளைவு அடுக்கின் உள்ளே உள்ள அளவுகளை இது பதிவதில்லை. அடுக்கு தெரிகிறதா இல்லையா என்பதையே பதிகிறது. 'வாசிப்பு' நிலையில் ஒரு வளைவு, 'அச்சு' நிலையில் வேறு வளைவு வேண்டுமானால், இரண்டு வளைவு அடுக்குகளை வைத்து ஒன்றை அணைத்து மற்றதை ஏற்றவேண்டும். ஒரே அடுக்கின் அளவை மாற்றிமாற்றிப் பதிந்தால் மூன்று பெயர்களும் கடைசி அளவையே காட்டும்.

கட்டளையின் வரம்புகள்

மூலத்தைத் தொடாத முறைக்கும் விலை உண்டு. 6000×4000 பிக்சல் படத்தின் மூன்று நிறத் தளங்கள் 16 பிட்டில், சுருக்குவதற்கு முன், 14 கோடியே 40 லட்சம் பைட். பிக்சல் நிறைந்த ஒவ்வோர் அடுக்கும் இந்த அளவைக் கூட்டக்கூடும். உறையில் ரா கோப்பும் இருக்கிறது. பிஎஸ்டி கோப்பின் எல்லை 2 ஜிபி என்பதால் நூறு ஏடுகளை ஒரே கோப்பில் அடுக்க முயலக்கூடாது. ஏட்டுக்கு ஒரு கோப்பு என்பதே முறை.

இரண்டாவதாக, மூலம் அழியவில்லை என்பதால் விளைவு தூயது என்று ஆகாது. 8 பிட் கோப்பில் இருட்டாக்கும் அடுக்கின்மேல் ஒளியூட்டும் அடுக்கை வைத்தால், காட்டப்படும் தோற்றத்தில் அதே சீப்புப் பற்கள் தோன்றும். அடுக்குகளை அணைத்து மூலத்துக்குத் திரும்பலாம் என்பதே வேறுபாடு. இதனால்தான் தொடக்கத்திலேயே 16 பிட்டில் திறப்பது நன்று.

மூன்றாவது வரம்பு மொழியியல் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது. கேமரா ரா தன் முடிவுகளை எக்ஸ்எம்பி என்னும் சிறு உரைக்கோப்பில் எழுதும். எந்த உரைத்தொகுப்பானிலும் அதைத் திறந்து வாசிக்கலாம்:

```
crs:ProcessVersion="6.7"
crs:Exposure2012="+0.35"
crs:Contrast2012="+18"
```

ஒளியை மூன்றில் ஒரு படி கூட்டு, மாறுபாட்டை 18 ஆக்கு என்பது இதன் பொருள். பெயரின் இறுதியில் நிற்கும் 2012 படம் எடுத்த ஆண்டைக் குறிப்பதன்று. இக்கட்டளையை எந்த ஆண்டின் கணக்கு விதிப்படி பொருள்கொள்ளவேண்டும் என்பதைக் குறிக்கிறது. மாறுபாட்டைக் கணக்கிடும் முறை 2010இன் விதியில் ஒன்று. 2012இன் விதியில் வேறு. பழைய விதிகளையும் நிரலில் விட்டுவைத்திருப்பதால்தான் பழைய படங்கள் இன்றும் பழைய தோற்றத்திலேயே திறக்கின்றன. கட்டளை என்பது ஒரு வாசகம். அதற்குப் பொருள்தரும் இலக்கணமும் உடன் வாழவேண்டும். மென்பொருள் ஒருநாள் இல்லாது போனால் உரைக்கோப்பு இருந்தும் தோற்றம் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு முக்கிய நிலையிலும் அடுக்குகளை ஒன்றாக்கிய டிஃப் படம் ஒன்றையும் தனிப்பெயரில் சேமிக்கிறேன்.

வாசகருக்கு உரியது

இவ்வளவும் செய்தாலும் மூலம் என் வன்தட்டில் இருக்கிறது. வாசகர் காண்பது அச்சுத் தோற்றத்தை மட்டுமே. உயிரணுவியல் துறையில் இந்தச் சிக்கலை முன்பே எதிர்கொண்டனர். ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழ் 2002 முதல், ஏற்ற கட்டுரைகளின் படங்களை வெளியிடுமுன் சோதிக்கத் தொடங்கியது. அதன் பின்னணியை மைக் ராஸ்னரும் கென்னத் யமாடாவும் 2004இல் அவ்விதழில் எழுதினர். படம் முழுமைக்கும் ஒளியையோ மாறுபாட்டையோ கூட்டுவதை, அதனால் எதுவும் மறையாதவரை, அவர்கள் ஏற்கின்றனர். படத்தின் ஒரு கூறை மட்டும் தனியே துலக்குவதையும் மறைப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. ஐயம் எழுந்தால் மூலப்படத்தை ஆசிரியர் காட்டவேண்டும்.

நம் பதிப்புகளில் 'ஏட்டின் படம்' என்று மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறோம். என் ஆய்வேட்டில் இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: முழுப்படத்துக்கும் செய்தது என்ன, ஒரு பகுதிக்கு மட்டும் செய்தது என்ன, மூலக்கோப்பின் பெயர் எது. 'எழுத்து வரிகளில் தூசு நீக்கம் செய்யப்படவில்லை' என்ற தொடர் எல்லாவற்றிலும் வருகிறது. வழிகாட்டிப் பேராசிரியர் இது தேவையா என்று கேட்டார். நீக்கிய அட்டவணை வரியைக் காட்டினேன். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த உடைந்த ஏட்டைக் களத்தில் என்னோடு இருந்த நண்பர்களில் எவரேனும் கைப்பேசியிலாவது படமெடுத்திருந்தால், அதைத் திருத்தாமல், செயலி வழியே சுருங்கிவிடாதபடி கோப்பாகவே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். தூசோடு இருந்தாலும் பரவாயில்லை.